சின்ன வயதில் கேட்ட பொம்மை மெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

எனக்கு மூன்று வயதில் ஒரு துணி ஆட்டுக்குட்டி இருந்தது. முதுகில் ஒரு சாவி. அதைத் திருகிவிட்டால் வயிற்றுக்குள்ளிருந்து டிங் டிங் என்று ஒரு மெட்டு வரும். பொம்மை எப்போது போனது, யார் தூக்கிப் போட்டார்கள் என்று தெரியாது. மெட்டு மட்டும் நாற்பது வருடமாகத் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டரை வாரம் நான் செய்த தவறுகளுக்கே போய்விட்டது. நேர்வழியில் போயிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும்.

இங்கே முக்கியமாகச் சாவி திருகும் இசைப்பெட்டிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். தனிப்பெட்டியாக இருந்தாலும் சரி, பொம்மைக்குள் வைத்துத் தைத்ததாக இருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். பேட்டரி பொம்மைகளுக்கு எங்கே வழி மாறும் என்பதையும் இடையில் சொல்கிறேன். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு தாள், பென்சில், ஒரு பழைய ஆல்பம் போதும்.

1. முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு தேடுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். நினைவில் இருந்ததைப் பதிவு செய்யாமல், நேராகப் போய் "இசைப்பெட்டித் தாலாட்டுகள்" என்று ஒரு மணி நேரத் தொகுப்பைப் போட்டுக் கேட்டேன். கேட்டு முடித்தபோது என் மெட்டின் பின்பாதி வேறொரு மெட்டின் பின்பாதியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எது என்னுடையது, எது இப்போது கேட்டது என்று பிரிக்கவே இரண்டு நாள் ஆனது.

அதனால் எதையும் கேட்பதற்கு முன் போனை எடுங்கள். காலையில் எழுந்தவுடன், வேறு பாட்டு எதுவும் காதில் விழாத நேரம் நல்லது. ஞாபகம் இருக்கும் மெட்டை "ல ல" என்றோ "த த" என்றோ மூன்று முறை தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். வாய் மூடி "ம்ம்ம்" என்று இழுக்க வேண்டாம். அப்படி இழுத்தால் ஒரு ஸ்வரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. சாவிப்பெட்டி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாகத் தட்டித்தான் வாசிக்கும். நீங்களும் அப்படியே தட்டித் தட்டிப் பாடுங்கள்.

மூன்று பதிவையும் அடுத்த நாள் கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வரும் இடம்தான் நம்பத்தக்கது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வந்தால் அந்த இடத்தை உங்கள் மூளை இட்டு நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முதல் பன்னிரண்டு ஸ்வரம் மூன்றிலும் ஒன்றாக வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கற்பனை.

2. சாவியா, பேட்டரியா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் பாதி நேரம் வீண். பொம்மை ஞாபகம் இல்லாவிட்டாலும் சத்தம் ஞாபகம் இருக்கும். இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: முடியும் நேரத்தில் என்ன ஆனது? சாவிப்பெட்டி என்றால் மெட்டு மெதுவாகிக்கொண்டே போய், பாதியில் நின்றுவிடும். ஆனால் சுருதி இறங்காது. காரணம், உள்ளே எஃகில் செய்த ஒரு சீப்பு இருக்கிறது. சுழலும் உருளையில் உள்ள முட்கள் அந்தச் சீப்பின் பற்களை மீட்டுகின்றன. ஒரு பல்லின் சுருதியை அதன் நீளமும் கனமும் தீர்மானிக்கின்றன. உருளை எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் சுருதி மாறாது. வேகத்தோடு சுருதியும் அழுதுகொண்டே கீழே இறங்கியது என்றால் அது பேட்டரி பொம்மை, அல்லது டேப்போ சிறு இசைத்தட்டோ ஓடிய பொம்மை.

இரண்டாவது கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்தா தொடங்கியது? மெட்டு சிப் வைத்த பொம்மைகள், பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் முதல் ஸ்வரத்திலிருந்தே தொடங்கும். சாவிப்பெட்டிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. போன முறை எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் என் இரண்டரை வாரம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். நான் "ஆரம்பம்" என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆரம்பமே இல்லை, நடு.

பேட்டரி வகைதான் என்று உறுதியானால் உங்கள் வேலை சுலபம். பழைய மலிவு பொம்மைகளிலும் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் டிரான்சிஸ்டர் போலத் தோன்றும் மூன்று கால் சிப் ஒன்று இருக்கும். பரவலாக வந்தது `UM66T` வரிசை. அதில் 64 ஸ்வரம்தான் அடங்கும். கடைசி எண்தான் மெட்டைச் சொல்லும்: `UM66T-19L` என்றால் பீத்தோவனின் "ஃபூர் எலீஸ்", `UM66T-08L` என்றால் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டு. பொம்மை கையில் இருந்தால் திறந்து எண்ணைப் படித்தால் போதும். இல்லாவிட்டாலும் இந்த வரிசையில் உள்ள மெட்டுகள் கொஞ்சம்தான், உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிடலாம்.

3. ஆல்பமும் அக்காவும்

இங்கே தேடவேண்டிய ஆவணம் பொம்மை இருக்கும் ஒரு புகைப்படம். படத்தின் பின்பக்கத் தேதியோ, கூட நிற்கும் தம்பி தங்கைகளின் வயதோ போதும். அந்த வருடத்துக்குப் பிறகு வந்த மெட்டுகளை எல்லாம் அடித்துவிடலாம். இசைப்பெட்டிகளில் பழைய மெட்டுகள் மட்டும் வருவதில்லை, சினிமா, மேடை நாடகப் பாட்டுகளும் நிறைய வரும். "டாக்டர் ஷிவாகோ" படத்தின் லாராவின் மெட்டு 1965. "கேட்ஸ்" நாடகத்தின் "மெமரி" 1981. என் ஆட்டுக்குட்டி இருந்த படம் 1979. ஆகவே "மெமரி"யா என்ற சந்தேகத்தை ஒரு நொடியில் ஒதுக்க முடிந்தது.

அடுத்து வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்கும் முறைதான் முக்கியம். "இந்தப் பாட்டுதானே அது?" என்று நீங்களே வாசித்துக் காட்டிக் கேட்டால் எல்லோரும் "ஆமா, அதேதான்" என்பார்கள். உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொல்வார்கள். முதலில் பொம்மையைப் பற்றிப் பேசுங்கள், மெட்டு தானாக வரட்டும்.

நான் அக்காவுக்கு போன் செய்து, "அந்த ஆட்டுக்குட்டி ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"முதுகுல சாவி வெச்சதா? நீ அதைத் திருகித் திருகி ஸ்பிரிங்கையே தளர வெச்சிட்டியே. பாதி பாட்டுலயே நின்னுடும்."

"அது எப்படிப் பாடும்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அக்கா முனகினாள். நான் நாற்பது வருடமாக வைத்திருந்த மெட்டு இல்லை அது. முற்றிலும் வேறு. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, வேறு ஏதோ பொம்மையோடு குழப்பிக்கொள்கிறாள் என்று முடிவுகட்டி அதை ஒதுக்கிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். யார் எதை முனகினாலும் தேதி போட்டுப் பதிவு செய்து வையுங்கள். ஒரே உருளையின் இரண்டு பக்கத்தை இரண்டு பேர் நினைவில் வைத்திருக்கலாம்.

4. போனில் பாடித் தேடுங்கள்

கூகுள் ஆப்பில் மைக்கைத் தொட்டு, பாட்டைத் தேடும் வசதியைத் தேர்ந்தெடுத்து, பத்துப் பதினைந்து விநாடி பாடினால் பொருத்தமான பாட்டுகளைக் காட்டும். சவுண்ட்ஹவுண்டும் பாடியதை ஏற்றுக்கொள்ளும். ஷசாமில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அது குறிப்பிட்ட ஒலிப்பதிவை அடையாளம் காண்பதற்கானது. நீங்கள் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் அது அந்த ஒலிப்பதிவு ஆகாது.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். முதல் மூன்று முயற்சியில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நேராக 7-ஆம் படிக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புதுப் பெயராக, குறைந்த பொருத்தத்தோடு வந்தால் நிறுத்திவிடுங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. எங்கெங்கோ இருக்கும் பாப் பாட்டுகள் எல்லாம் வந்தன. பாடகன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து வெவ்வேறு சுருதியில் இருபது தடவை பாடினேன். குற்றம் என் குரலில் இல்லை, நான் பாடிய ஸ்வரங்களில் இருந்தது.

5. நிரப்பு ஸ்வரங்களைக் களையுங்கள்

இந்தப் படியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மனிதர் பாடினால் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிக்கலாம். இசைப்பெட்டியால் முடியாது. பல்லை மீட்டியவுடன் ஒலி தேயத் தொடங்கிவிடும். பாட்டில் ஒரு நீண்ட ஸ்வரம் வந்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதை மறைக்க, மெட்டை உருளையில் ஏற்றுபவர்கள் நீண்ட ஸ்வரத்துக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஒலிக்கும் இரண்டு மூன்று சின்ன ஸ்வரங்களைத் தூவிவிடுவார்கள். சின்னப் பெட்டிகளின் சீப்பில் பெரும்பாலும் 18 பற்கள்தான். மெட்டுக்கும் பக்கவாத்தியத்துக்கும் அந்தப் பதினெட்டே. இரண்டும் ஒரே மாதிரி டிங் டிங் என்றுதான் கேட்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு எது பாட்டு, எது நிரப்பு என்று தெரியுமா? எல்லாவற்றையும் ஒரே மெட்டாக விழுங்கிவிடுகிறது. பெரியவனான பிறகு அதை அப்படியே பாடித் தேடினால் உலகத்தில் எந்தப் பாட்டோடும் பொருந்தாது.

களைவது எப்படி? உங்கள் பதிவை ஸ்வரமாக எழுதுங்கள். இசை தெரியாவிட்டால் போனில் ஒரு கீபோர்டு ஆப்பை இறக்கிக்கொண்டு தடவித் தடவிக் கண்டுபிடியுங்கள், அரை மணி நேரம் ஆகும். எந்தச் சுருதியில் எழுதினாலும் பரவாயில்லை. நான் எழுதியது இது (சங்கராபரண ஸ்வரங்கள், மேல் ஸ்தாயி சட்ஜத்தை ச' என்று குறித்திருக்கிறேன்):

```
ச ச | ச' ம த த ம | ப ச க க ச
```

இப்போது பதிவைப் போட்டுக் கையால் தாளம் தட்டுங்கள். தாலாட்டு என்றால் பெரும்பாலும் மூன்று மூன்றாக எண்ண வரும்: ஒன்று, இரண்டு, மூன்று. என் மெட்டில் "ஒன்று" விழுந்த இடம் ச'. "இரண்டு" விழுந்தது ம த. "மூன்று" விழுந்தது த ம. அடுத்த சுற்றில் "ஒன்று" ப, "இரண்டு" ச க, "மூன்று" க ச.

இரண்டு சுற்றிலும் நடு எண்ணிக்கையில்தான் சந்தேகம். ச'-விலிருந்து ம-வுக்கு ஒரே தாவலாக விழுந்து, உடனே த-வுக்கு ஏறி, அதே த-வை மறுபடி தட்டுகிறது. பாடிப் பார்த்தால் தொண்டை தடுக்கும். ப-விலிருந்து ச-வுக்கு விழுந்து க-வுக்கு ஏறி, அதே க-வை மறுபடி தட்டும்போதும் அப்படியே. ஒரு ஸ்வரத்திலிருந்து பெரிதாகத் தாவி, திரும்பி வந்து, ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை தொடுவது நிரப்பின் அடையாளம். இரண்டு சுற்றிலும் நடு எண்ணிக்கையை அடித்துவிட்டேன்:

```
ச ச | ச' - த ம | ப - க ச
```

பாடிப் பார்த்தேன். ச'-வையும் ப-வையும் இரண்டு எண்ணிக்கைக்கு இழுத்தபோது தலைக்குள் அடுத்த நான்கு ஸ்வரம் தானாக வந்தது: ம ப த ப. இந்த நான்கும் குறைந்தது முப்பது வருடமாக எனக்கு நினைவுக்கே வராதவை.

இதிலும் ஒரு பொறி உண்டு. தாவும் ஸ்வரத்தை எல்லாம் அடித்துவிடாதீர்கள். தொடக்கத்தில் ச-விலிருந்து ச'-வுக்கு ஒரு ஸ்தாயி முழுக்கத் தாவுகிறதே, அதுவும் பெரிய தாவல்தான். ஆனால் அது போய் விழுவது "ஒன்று" என்ற எண்ணிக்கையில், அங்கேயே தங்குகிறது. தாளத்தின் அழுத்தத்தில் விழுந்து தங்குவது பாட்டு, அழுத்தம் இல்லாத இடத்தில் தொட்டுவிட்டு ஓடுவது நிரப்பு.

6. ஏற்ற இறக்கமாக எழுதித் தேடுங்கள்

களைந்த பிறகு மறுபடி 4-ஆம் படியைச் செய்து பாருங்கள். பலருக்கு அங்கேயே கிடைத்துவிடும். ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்க வரவில்லை, சுருதி ஓடுகிறது என்றால் பார்சன்ஸ் குறியீடு கைகொடுக்கும். இதில் ஸ்வரத்தின் பெயரே தேவையில்லை. முதல் ஸ்வரத்துக்கு `*`, அடுத்தது முந்தையதைவிட மேலே போனால் `U`, கீழே போனால் `D`, அதே இடத்தில் இருந்தால் `R`. என் மெட்டு இப்படி ஆனது:

```
*RUDDUDDUUUD
```

இதை musipedia.org தளத்தில் பார்சன்ஸ் தேடலில் கொடுக்கலாம். ஆறு எழுத்துக்குள் நிறுத்திவிட்டால் ஏகப்பட்ட பாட்டுகள் பொருந்தும். பத்துக்கு மேல் கொடுங்கள். நிரப்பைக் களையாமல் நான் முதலில் எழுதியிருந்தது `*RUDURDUDURD`. நான்காவது எழுத்திலேயே வழி பிரிந்துவிட்டது பாருங்கள். இந்த முறையில் ஒரு கூடுதல் ஸ்வரம் போதும், அதற்குப் பின்னால் உள்ள வரிசை முழுக்கத் தள்ளிப்போய்விடும்.

களைந்த வரிசை கொண்டுபோய் நிறுத்திய இடம் பிராம்ஸின் தாலாட்டு, 1868-இல் வெளிவந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தத் தாலாட்டு எனக்கு நன்றாகவே தெரியும். அது க க ப, க க ப என்றுதானே தொடங்கும்?

தொடக்கம் அதுதான். நான் வைத்திருந்தது அதன் இரண்டாம் பாதி.

இது எனக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. ஸ்பிரிங் தளர்ந்த பெட்டி நிற்கும்போது, பல பற்களை ஒரே நேரத்தில் தூக்கவேண்டிய கனமான இடத்தில்தான் பெரும்பாலும் சிக்கி நிற்கும். மறுபடி சாவி கொடுத்தால் அங்கிருந்தே தொடங்கும். தினமும் ஒரே நடு இடத்திலிருந்து கேட்ட குழந்தைக்கு அதுதான் பாட்டின் ஆரம்பம். அதனால் தேடலில் ஒரு பாட்டு வந்தால், முதல் வரியை மட்டும் கேட்டுவிட்டு "இது இல்லை" என்று மூடாதீர்கள். கடைசி வரை கேளுங்கள். பதினைந்து நாளுக்கு முன்பே ஒரு தொகுப்பில் இந்தப் பாட்டு வந்திருக்கிறது, முதல் மூன்று விநாடியில் நான் தள்ளிவிட்டிருக்கிறேன்.

தேடும்போது பெயரையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே மெட்டு `Brahms Lullaby`, `Cradle Song`, `Wiegenlied` என்று மூன்று பெயரில் கிடக்கிறது.

7. சரிதானா என்று சோதியுங்கள்

"கிடைத்துவிட்டது!" என்ற உணர்வு மட்டும் போதாது. தாலாட்டுகள் ஒன்றுக்கொன்று சாயல் கொண்டவை, இரண்டு முறை கேட்டால் எதுவும் பழகியதுபோல ஆகிவிடும். மூன்று சோதனை செய்யுங்கள்.

பாட்டை நடுவில் நிறுத்தி, அடுத்த ஐந்தாறு ஸ்வரத்தை நீங்களே பாடிவிட்டு, பிறகு ஓடவிடுங்கள். சரியாக இருந்தால் பாதி உறுதி.

அடுத்து, அதே மெட்டு 18 பல் இசைப்பெட்டியில் வாசிக்கும் பதிவைத் தேடிக் கேளுங்கள். சின்னப் பெட்டியின் உருளை ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 15 விநாடிதான் ஆகும், அதனால் பாட்டைச் சுருக்கியோ வெட்டியோ இருப்பார்கள். நீங்கள் களைந்து போட்ட நிரப்பு ஸ்வரங்கள் அங்கே திரும்பி வருகின்றனவா என்று கவனியுங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் நிரப்பை வேறு மாதிரி வைப்பார்கள். ஆகவே அச்சாக வராவிட்டால் மெட்டு தப்பு என்று நினைக்க வேண்டாம். வந்தால் அது பெரிய சாட்சி.

மூன்றாவது, வீட்டில் ஒருவரிடம் மூன்று மெட்டுகளைப் பெயர் சொல்லாமல் வரிசையாகப் போட்டுக் காட்டி, எது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். இதற்கு முன் அவரிடம் நீங்கள் எதையும் முனகிக் காட்டியிருக்கக் கூடாது.

8. பொம்மையே கையில் கிடைத்தால்

அடியில் ஒட்டியிருக்கும் தாளை முதலில் பாருங்கள். மெட்டின் பெயர் அதிலேயே அச்சாகியிருப்பது உண்டு. பொம்மையைப் பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங் முழுவதும் ஓடி முடிந்திருக்க வேண்டும். சாவி கொடுத்த நிலையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குட்டி விசிறியைக் கழற்றினால் உருளை ஒரே பாய்ச்சலாகச் சுழன்று, முட்களை வளைத்து, சீப்பின் பற்களை உடைத்துவிடும். உடைந்த பல் உடைந்ததுதான், அந்த ஸ்வரம் அதன் பிறகு வராது. ஓடாத பெட்டி என்றால் சாவியைக் கூடுதலாகத் திருகிப் பார்க்க வேண்டாம், பழைய கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். கொடுப்பதற்கு முன் சீப்பையும் உருளையையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பொம்மை இல்லாததால் கடைசிச் சோதனையை அக்காவிடம்தான் செய்தேன். மூன்று தாலாட்டுகளை அனுப்பினேன். இரண்டாவதை எடுத்து, "இதுதான்டா, நான் அன்னிக்கே பாடினேனே" என்றாள். அன்றைய பதிவு என்னிடம் இல்லை, ஒதுக்கிவிட்டேனே. மறுபடி பாடச் சொன்னேன். க க ப, க க ப. அவளிடம் முதல் பாதி இருந்தது, என்னிடம் இரண்டாம் பாதி.